தொண்டியில் அத்தாவின் துணிக்கடையை மூடுகிறோம்: சரக்கை லாட்டாகக் கொடுப்பதா, நின்று விற்பதா?

தொண்டிப்பெண் (ஆகஸ்ட் 24, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். தொண்டி கடைத்தெருவில் அத்தா 31 வருடமாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். சட்டை, பேன்ட், கைலி, சேலை, பிள்ளைகள் உடுப்பு, கொஞ்சம் பள்ளிச் சீருடை. முழங்கால் வலியால் இனிமேல் ஏணியில் ஏறி மேல் தட்டில் எடுக்க அவரால் முடியாது. நானும் தம்பியும் வேறு வேலையில் இருக்கிறோம். மூடுவது என்று முடிவாகிவிட்டது. எப்படி மூடுவது என்பதுதான் கேள்வி.

நான்கு இரவு உட்கார்ந்து சரக்கை எண்ணினோம். ஒவ்வொரு அட்டையிலும் அடக்க விலையை எழுத்தில் மறைத்து எழுதுவது அத்தாவின் பழக்கம். பத்து எழுத்துள்ள ஒரு சொல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். அதை அவர் படிக்க நான் எழுதிக்கொண்டேன். மொத்தம் அடக்கத்தில் 9,00,000 ரூபாய் வந்தது.

மதுரையிலிருந்து ஒரு லாட் வியாபாரி வந்து பார்த்தார். எல்லாவற்றையும் 3,15,000-க்கு எடுத்துக்கொள்கிறேன், வண்டியும் நானே கொண்டுவருகிறேன், பணம் கையில் என்றார். அடக்கத்தில் நூற்றுக்கு 35-க்கு மேலே போக மாட்டேன் என்கிறார். அத்தாவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. "ரமலான் வரை நின்று விற்றால் முழுப் பணமும் வந்துவிடும்" என்கிறார்.

மாதச் செலவு: வாடகை 14,000, வேலைக்கு இருக்கும் இரண்டு பேருக்குச் சம்பளம் 18,000, கரண்ட்டும் மற்றதும் 3,000. நாலு லட்சம் கடனுக்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி, அது 6,000. ஆக மொத்தம் 41,000. எது சரி?

உச்சிப்புளிக்காரன் (ஆகஸ்ட் 24, இரவு 11.15)

தங்கச்சி, அடக்கத்துக்குக் கீழே ஒரு பீஸ்கூடக் கொடுக்காதீர்கள். அவன் 35-க்குக் கேட்கிறான் என்றால் 70-க்கு விற்கப் போகிறான் என்று அர்த்தம். பாதி விலை என்று பெரிய துணிப் பலகை எழுதி வாசலில் கட்டுங்கள். முதல் நாளே கூட்டம் வந்துவிடும். உச்சிப்புளியில் ஒரு கடையில் அப்படித்தான் செய்தார்கள், மூன்று நாள் நிற்க இடமில்லை.

மாசிவீதி (ஆகஸ்ட் 25, காலை 7.05)

நான் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இந்த லாட் தொழிலில் இருந்தவன். இப்போது விட்டுவிட்டேன், அதனால் சொல்வதில் தயக்கமில்லை.

உச்சிப்புளித் தம்பி சொன்னதில் கூட்டம் வரும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் முதல் மூன்று நாளில் எதை எடுத்துக்கொண்டு போகும் என்று யோசியுங்கள். பாதி விலை இல்லாமலே விற்கக்கூடிய சரக்கைத்தான் எடுக்கும். 38, 40 சைஸ் சட்டையும் கைலியும் போய்விடும். 36-ம் 44-ம் உங்களிடம் தங்கும். "அடக்கத்துக்குக் கீழே கூடாது" என்பதும் அப்படித்தான். அடக்கம் என்பது போன பணம். இன்றைக்கு அந்தச் சட்டை என்ன பெறும் என்பது வேறு கணக்கு.

வியாபாரி 35 எப்படிப் போட்டார் என்று சொல்கிறேன். நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் மனதுக்குள் மூன்று குவியல் போடுவோம். உங்கள் 9 லட்சத்தில் ஏறக்குறைய 3 லட்சம் நல்ல சரக்கு, முழு சைஸ் செட்டாக இருப்பது. அதற்கு நூற்றுக்கு 60 போடலாம், 1,80,000. அடுத்த 3 லட்சம் சைஸ் உடைந்தது, போன வருட டிசைன். அதற்கு 30, ஆக 90,000. கடைசி 3 லட்சம் பழையது. அதற்கு 15, ஆக 45,000. கூட்டிப் பாருங்கள், 3,15,000. அவர் உங்களை ஏமாற்றவில்லை. இருக்கிறபடி விலை சொல்லியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் நல்ல குவியலை நீங்கள் சில்லறையாக விற்றால் நூற்றுக்கு 110 வரை கிடைக்கும், அவர் 60 தருகிறார். கடைசிக் குவியலைச் சில்லறையாக விற்க நீங்கள் மாதக்கணக்கில் கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவர் 15-ஐ இன்றைக்கே தருகிறார். அதனால் முழுவதையும் கொடுப்பதும் முழுவதையும் நின்று விற்பதும் இரண்டுமே நஷ்டம். எந்தத் தேதியில் அவரைக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி.

மண்டபம்_கயிறுகடை (ஆகஸ்ட் 25, காலை 9.30)

நான் 2019-ல் மண்டபத்தில் வலை, கயிறு, பெயின்ட் கடையை மூடினேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூடப்போகிறேன் என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து என்னிடம் கடன் வைத்திருந்த படகுக்காரர் ஒருவர்கூட அந்தத் தெரு வழியாக வரவில்லை. எனக்குப் பாக்கி வரவேண்டியது ஒரு லட்சத்துக்கு மேல். நான் கொடுக்க வேண்டியவர்களோ மறுநாளே வந்து நின்றார்கள்.

ஜவுளியில் கடன் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் பற்று நோட்டை எடுத்துப் பாருங்கள். துணிப் பலகை கட்டுவதற்கு முன்னால் வசூலை முடியுங்கள். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து கடல் திறந்தது, இப்போது கடற்கரையில் கையில் காசு இருக்கும் காலம். ஐப்பசி மழை வந்தால் கடலுக்குப் போகும் நாள் குறையும், அப்புறம் கேட்கவே முடியாது.

ராமநாதபுரத்து வாத்தியார் (ஆகஸ்ட் 25, மதியம் 1.20)

நல்ல இடத்தில் 31 வருடக் கடை என்றால் பெயருக்கே ஒரு மதிப்பு உண்டு. பகடி வாங்கிக்கொண்டு அப்படியே வேறொருவருக்குக் கைமாற்றிவிடலாமே? சரக்கும் போய்விடும், பெயருக்கும் பணம் கிடைக்கும்.

தொண்டிப்பெண் (ஆகஸ்ட் 25, மதியம் 2.05)

வாத்தியார் ஐயா, கட்டட உரிமையாளர் கடையை அவர் மகனுக்கு எடுத்துக்கொள்கிறார், மருந்துக்கடை வைக்க. கைமாற்ற வழியில்லை. 1,50,000 அட்வான்ஸ் திரும்பத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மண்டபத்து அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு நோட்டைப் பார்த்தேன். 46,000 பாக்கி இருக்கிறது. இன்றிலிருந்து தம்பி போகிறான்.

மாசிவீதி அண்ணே, எந்தத் தேதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாசிவீதி (ஆகஸ்ட் 25, இரவு 9.50)

ஒவ்வொரு மாதமும் இரண்டு எண்ணை எழுதுங்கள். அந்த மாதம் கல்லாவில் விழுந்ததில் செலவு போக நின்றது ஒன்று. அதே மாதத்தில் லாட் விலை எவ்வளவு குறைந்தது என்பது மற்றொன்று. முதல் எண் பெரிதாக இருக்கும்வரை விற்கலாம். சிறிதாகிவிட்டால் அன்றே லாட்காரரைக் கூப்பிட வேண்டும்.

உங்கள் கடைக்கு என் அனுபவத்தை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். செப்டம்பரில் அடக்கத்தில் 2,50,000 பெறும் சரக்கு போகும், பெரும்பாலும் நல்ல குவியல். சராசரியாக அடக்கத்துக்கு மேலே நூற்றுக்குப் பத்து வைத்து விற்றால் 2,75,000. செலவு 41,000 போனால் 2,34,000 நிற்கும். நல்லது குறைந்துவிட்டதால் லாட் விலை 3,15,000-லிருந்து 1,80,000-க்கு இறங்கும், அதாவது 1,35,000 குறைவு. இருந்தும் 99,000 லாபம். விற்பனை இதில் பாதிதான் நடந்தது என்று வைத்தாலும் 29,000 மிஞ்சும். அதனால் செப்டம்பர் கட்டாயம் விற்க வேண்டிய மாதம்.

அக்டோபரில் 1,80,000 பெறும் சரக்கை நூற்றுக்கு 80 வீதம் விற்றால் 1,44,000. செலவு போக 1,03,000. லாட் விலை 1,05,000-க்கு வந்திருக்கும், 75,000 குறைவு. 28,000 லாபம். இதுவும் விற்கலாம்.

நவம்பரில் 1,20,000 சரக்கை 60 வீதம் விற்றால் 72,000. செலவு போக 31,000. லாட் விலை 67,500-க்கு இறங்கும், 37,500 குறைவு. 6,500 நஷ்டம். அங்கே நிறுத்துங்கள்.

அதாவது இரண்டு மாதம் விற்று மீதியை லாட்டில் கொடுத்தால் மொத்தம் 4,42,000. இன்றே கொடுத்தால் 3,15,000. ரமலான் வரை போனால் அத்தா நினைப்பது நடக்காது. பெருநாளுக்கு வருபவர் புது டிசைன் கேட்பார், புதுச் சரக்கு இறக்காமல் அந்தக் கூட்டம் கிடைக்காது. புதிது இறக்கினால் மூடுவது எப்படி?

உச்சிப்புளிக்காரன் (ஆகஸ்ட் 26, காலை 6.40)

அண்ணே, கணக்குக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சரிவை முன்னமே சொல்லிவிடலாமே. முதல் வாரம் 20 தள்ளுபடி, மூன்றாம் வாரம் 40 என்று பலகையிலேயே எழுதினால் நம்பிக்கை வரும்.

மாசிவீதி (ஆகஸ்ட் 26, காலை 8.10)

சின்ன ஊரில் அதைச் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். மூன்றாம் வாரம் குறையும் என்று தெரிந்தால் முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் போவார்கள். பலகையில் முடியும் தேதி மட்டும் இருக்கட்டும். விலையைப் பத்து நாளைக்கு ஒருமுறை அட்டையில் மாற்றுங்கள். வழக்கமாக வரும் குடும்பங்களுக்கு மட்டும் அத்தா நேரில் சொல்லலாம், "உங்கள் சைஸ் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று.

பரமக்குடி_கணக்குப்பிள்ளை (ஆகஸ்ட் 26, காலை 11.00)

கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஜிஎஸ்டி. அத்தா சாதாரணப் பதிவில் இருக்கிறாரா, காம்பொசிஷனில் இருக்கிறாரா?

தொண்டிப்பெண் (ஆகஸ்ட் 26, மதியம் 12.15)

சாதாரணப் பதிவுதான். கொள்முதல் வரி வரவை அந்தந்த மாதமே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பரமக்குடி_கணக்குப்பிள்ளை (ஆகஸ்ட் 26, மதியம் 12.50)

அப்படியானால் மாசிவீதி அண்ணன் சொன்ன 2,75,000-ல் வரியும் உள்ளே இருக்கிறது. 5 சதவீதத் துணிகளில் கல்லாவில் விழும் ஒவ்வொரு 105-லும் 5 ரூபாய் அரசுக்கு உரியது. இப்போது புதிதாகக் கொள்முதல் இல்லை, அதனால் ஈடுகட்ட வரவும் இல்லை, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். முதல் மாதம் சுமார் 13,000, இரண்டாம் மாதம் சுமார் 7,000. லாட்டுக்கு வரியைத் தனியாக பில்லில் போட்டு வாங்குவதால் அங்கே குறையாது. முடிவு மாறவில்லை. ஆனால் அந்தப் பணத்தைச் செலவுக்கு எடுத்துவிடாமல் தனியாக வையுங்கள்.

அடக்கத்துக்குக் கீழே விற்றால் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை, விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும். தூக்கிப் போட்டால், இலவசமாகக் கொடுத்தால் அந்தச் சரக்கின் வரவைத் திருப்ப வேண்டும். பதிவை ரத்து செய்யும் நாளில் கையிருப்பு இருந்தாலும் அதற்கு வரி உண்டு. வரவு, விற்பனை வரி இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அதனால் கடைசிக் குவியலைக் குறைந்த விலைக்காவது பில் போட்டு விற்றுவிட்டு, அப்புறம் ரத்துக்கு எழுதுங்கள். ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-10 தாக்கல் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அந்த வியாபாரி பில் வேண்டாம் என்று சொன்னாரா?

தொண்டிப்பெண் (ஆகஸ்ட் 26, மதியம் 1.10)

ஆமாம். "கையில் பணம், பேப்பர் எல்லாம் எதற்கு" என்றார்.

பரமக்குடி_கணக்குப்பிள்ளை (ஆகஸ்ட் 26, மதியம் 1.25)

ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு வண்டியில் போய்விடும், புத்தகத்தில் மட்டும் உங்கள் கடையிலேயே இருக்கும். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பில்லோடு வாங்கும் ஆள் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள்.

கீழக்கரை_பாத்து (ஆகஸ்ட் 26, மாலை 5.30)

கம்பெனி கைலி, பனியன் பெட்டி பிரிக்காமல் இருக்கிறதா? ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் மாமா கடையில் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு பாக்கியில் கழித்தார்கள். அவருக்கு அது அடுத்த கடைக்குப் போகும் சரக்கு. தள்ளுபடிக் குவியலில் அதைப் போட வேண்டாம்.

இன்னொன்று. நம் கடலோரத்தில் உப்புக்காற்று. பெட்டியில் மடித்த சட்டையின் காலரில் குத்திய குண்டூசியைப் பாருங்கள்.

தொண்டிப்பெண் (ஆகஸ்ட் 26, இரவு 10.20)

பாத்து, நீங்கள் சொன்ன பிறகு போய் நாற்பது சட்டையைப் பிரித்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில் பதினொன்றில் ஊசி துருப்பிடித்து, காலருக்குக் கீழே மிளகு அளவு பழுப்புப் புள்ளி. வெள்ளையில் மடிப்பு ஓரம் மஞ்சளாகியிருக்கிறது. வியாபாரியின் ஆள் அன்றைக்கு ஏன் ஒவ்வொரு பெட்டியிலும் மேல் சட்டையை மட்டும் தூக்கி ஊசிப் பக்கம் பார்த்தான் என்று இப்போதுதான் புரிகிறது. கைலி ஏஜென்டிடம் நாளைக்கே பேசுகிறேன்.

மாசிவீதி (ஆகஸ்ட் 26, இரவு 10.45)

அதுதான் முதல் பரிசோதனை. புள்ளி விழுந்ததைத் தனியாக எடுத்து "எது எடுத்தாலும் 120" என்று வாசலோர மேசையில் போடுங்கள், புள்ளி இருக்கிறது என்று சொல்லியே விற்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் எடுப்பார்கள். புள்ளி விழாததில் எல்லாம் இன்றே ஊசியைக் கழற்றுங்கள். ஒரு சட்டை நடுக் குவியலில் நிற்பதும் கடைசிக் குவியலில் விழுவதும் அந்த ஊசியில் இருக்கிறது.

தொண்டிப்பெண் (அக்டோபர் 2, இரவு 9.15)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பலகையில் அக்டோபர் 31 என்று தேதி மட்டும் போட்டோம். செப்டம்பரில் கல்லாவில் 2,38,000 விழுந்தது. மாசிவீதி அண்ணன் சொன்னதைவிடக் குறைவு, ஆனால் பாதிக்கு மேல். முதல் பத்து நாளில்தான் பெரும்பகுதி. இருபதாம் தேதிக்கு மேல் ஒரு நாள் 2,000-த்துக்குக் கீழே வந்தபோது பயந்துவிட்டோம். அட்டையை மாற்றிய மறுநாள் மீண்டும் ஏறியது. கைலி ஏஜென்ட் ஏழு பெட்டி எடுத்து பாக்கியில் கழித்தார். பற்று நோட்டில் 46,000-ல் 31,000 வந்தது. வேலைக்கு இருந்த இருவரில் ஒருவர் பதினைந்தாம் தேதியே வேறு வேலைக்குப் போய்விட்டார், அதனால் சம்பளமும் குறைந்தது.

மீதிச் சரக்குக்கு அதே மதுரை வியாபாரி 1,60,000 சொல்கிறார், இப்போது பில்லோடு. ஈரோட்டுச் சந்தைக்குப் போகும் இன்னொருவர் 1,75,000 சொல்கிறார், ஆனால் சேலை வேண்டாம் என்கிறார். அத்தா தீபாவளி முடியட்டும் என்கிறார்.

மாசிவீதி (அக்டோபர் 2, இரவு 10.00)

தீபாவளி வரை சரி, மீதித் துணி அதுவரை ஊரில் எடுபடும். ஈரோட்டுக்காரர் விட்டுவிட்டுப் போகும் சேலை எவ்வளவு அடக்கம்? அது 40,000-க்கு மேல் இருந்தால் அவர் சொல்லும் விலை பெரிதல்ல. சேலையை மட்டும் தனியாக எடுக்க ஆள் வரமாட்டார்கள்.

உச்சிப்புளிக்காரன் (அக்டோபர் 2, இரவு 10.20)

முன்னமே தள்ளுபடி தேதி எழுதியிருந்தால் இருபதாம் தேதி அந்த இறக்கம் வந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாசிவீதி (அக்டோபர் 2, இரவு 10.30)

முதல் பத்து நாளும் வந்திருக்காது தம்பி.

தொண்டிப்பெண் (அக்டோபர் 3, காலை 6.50)

சேலை 52,000 அடக்கம். அத்தா இரவு முழுவதும் அதைத்தான் மடித்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரரிடமே சேலையோடு கேட்டுப் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணே, சேலை சிலவற்றுக்குப் பழைய கொள்முதல் பில் கிடைக்கவில்லை. லாட் பில்லில் அதை எப்படிக் காட்டுவது?

பரமக்குடி_கணக்குப்பிள்ளை (அக்டோபர் 3, காலை 8.30)

விற்பனை பில்லில் எண்ணிக்கை, வகை, இப்போது விற்கும் விலை போட்டுக் காட்டுங்கள். வாங்கிய பில்லை அவரிடம் காட்ட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் எந்த வருடம் யாரிடம் வாங்கினார்கள் என்று அத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள், ஞாபகம் இருக்கும்போதே.